ஒரே யூனிட்டை இரண்டு முறை மிச்சப்படுத்த முடியாது

பல்லடம் பக்கத்தில் ஒரு நூல் குடோன். தரை 1,200 சதுர மீட்டர், தகரக் கூரை. முதலாளியின் மேசையில் இரண்டு கொட்டேஷன்கள் இருந்தன. ஒன்று எல்இடி விளக்குக்கு: வருடத்துக்கு 34,500 யூனிட் மிச்சமாகும் என்றது. இன்னொன்று 40 கிலோவாட் சோலாருக்கு: வருடத்துக்கு 58,000 யூனிட் கிடைக்கும் என்றது. நான் தொழில் கற்றுக்கொள்ளும் அண்ணன் அந்த இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, முதலில் ஆறு மின் பில்களைக் கேட்டு வாங்கினார். இரண்டு மாதத்துக்கு ஒன்று, ஆக ஒரு வருடம். கூட்டிப் பார்க்கச் சொன்னார். 67,000 யூனிட் வந்தது.

"மிச்சம் 92,500, செலவு 67,000. எங்கிருந்து வந்துச்சு கண்ணு மீதி?" என்று கேட்டார்.

நான் கற்ற முதல் பாடம் இதுதான். விளக்கு விற்பவர் பழைய பில்லை வைத்துக் கணக்குப் போடுகிறார். சோலார் விற்பவரும் அதே பழைய பில்லை வைத்துத்தான் போடுகிறார். எல்இடி மிச்சப்படுத்திய யூனிட்டை சோலார் மறுபடி மிச்சப்படுத்த முடியாது. எனவே வரிசை முக்கியம்: முதலில் விளக்கை மாற்று, குறைந்த பிறகு என்ன மிஞ்சுகிறதோ அதற்குத்தான் சோலார்.

விளக்குக் கணக்கை நாங்கள் குடோனுக்குள்ளேயே தொடங்கினோம். மேலே 30 மெட்டல் ஹாலைடு விளக்குகள், ஒவ்வொன்றும் 400 வாட். சோக் எடுத்துக்கொள்வதையும் சேர்த்தால் ஒன்றுக்கு 440 வாட் ஆகும். கொட்டேஷனைப் பார்த்து 30 விளக்கு என்று எழுதிக்கொள்வது சுலபம். அண்ணன் அண்ணாந்து பார்த்து எண்ணச் சொன்னார். நான்கு எரியவில்லை. எரியாத விளக்கை மாற்றினால் மின்சாரம் மிச்சமாகாது, வெளிச்சம்தான் கூடும். கொட்டேஷனில் முப்பதும் எரிவதாக வைத்துத்தான் மிச்சம் காட்டியிருந்தார்கள்.

அளப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கிளாம்ப் மீட்டரை ஒயரில் மாட்டி, வந்த ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் விளக்கு ஒன்றுக்கு 700 வாட்டுக்கு மேல் வந்தது. பழைய சோக்குகளில் கப்பாசிட்டர் செத்திருந்தால் இப்படித்தான் காட்டும். ஆம்பியர் கூடுதலாக ஓடும், ஆனால் யூனிட் அவ்வளவு ஓடாது. அந்த எண்ணை நம்பினால் மிச்சத்தை ஒன்றரை மடங்கு ஊதிவிடுவோம். அதனால் ஒரு விடுமுறை நாள் மாலை மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, விளக்குகளை மட்டும் எரியவிட்டு, மின்வாரிய மீட்டரில் ஒரு மணி நேரத்துக்கு ரீடிங் எடுத்தோம். 11.4 யூனிட். எரியும் 26 விளக்கை 440 வாட்டால் பெருக்கினால் வருவதும் அதுவே. பில் போடுகிற மீட்டரே சாட்சி என்பதால் இந்த முறையில் யாரும் வாதாட முடியாது.

காலை எட்டு முதல் இரவு எட்டு வரை, வருடத்துக்கு 300 நாள் என்றால் 3,600 மணி நேரம். விளக்குக்கு மட்டும் 41,000 யூனிட். மொத்த பில்லில் பாதிக்கு மேல்.

வெளிச்சத்தையும் அளந்தோம். லக்ஸ் மீட்டரைத் தரைக்குச் சற்று மேலே வைத்தால் நடைபாதைகளில் 70, 80 என்றுதான் காட்டியது. மெட்டல் ஹாலைடு சாகும்வரை முழு மின்சாரத்தையும் வாங்கிக்கொண்டே இருக்கும், வெளிச்சம் மட்டும் வருடா வருடம் மங்கும். இங்கே இன்னொரு குறையும் இருந்தது. ரேக்குகளைப் பின்னால் நகர்த்தி வைத்திருந்தார்கள். விளக்குகள் பழைய இடத்திலேயே தொங்கியதால் பாதி வெளிச்சம் ரேக்கின் உச்சியில் இருக்கும் அட்டைப்பெட்டிகள் மேல் விழுந்தது. புதிய 120 வாட் எல்இடிகளை நடைபாதையின் நடுக்கோட்டுக்கு மாற்றினோம். நடைபாதையில் 150 லக்ஸும், லேபிள் படிக்க வேண்டிய பேக்கிங் பகுதியில் 300 லக்ஸும் இலக்கு. பேக்கிங் மேசைகளுக்கு மேலே விளக்குகளை நெருக்கமாகவும் தாழ்வாகவும் போட்டோம்.

பின்பக்கத்து 12 விளக்குகளுக்கு மட்டும் ஆள் நடமாட்டத்தை உணரும் சென்சார் வைத்தோம். பழைய விளக்கில் இதைச் செய்யவே முடியாது. மெட்டல் ஹாலைடை அணைத்தால் அது ஆறி மறுபடி பற்றிக்கொள்ளப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அதனால்தான் ஆள் இல்லாத சந்துகளிலும் நாள் முழுக்க எரியவிட்டு வைத்திருந்தார்கள். ஊழியர்களின் சோம்பேறித்தனம் என்று முதலாளி நினைத்துக்கொண்டிருந்தது சரியல்ல.

சென்சார் உள்ள விளக்குகள் பாதி நேரம் எரியும் என்று வைத்தால், புதிய விளக்குச் செலவு வருடத்துக்கு 10,400 யூனிட். மிச்சம் 30,600. வணிக இணைப்பில் யூனிட்டுக்குச் சுமார் பத்து ரூபாய் என்றால் 3,06,000 ரூபாய். விளக்கு, சென்சார், ஏற்றி இறக்கும் லிஃப்ட் வாடகை, கூலி எல்லாம் சேர்த்து 2,30,000. போட்ட முதல் ஒன்பது மாதத்தில் திரும்பிவிடும்.

அதற்குப் பிறகுதான் கூரைக்கு ஏறினோம்.

இப்போது குடோனின் மொத்தத் தேவை 67,000 அல்ல, 36,400 யூனிட். அதிலும் வெயில் இருக்கும் நேரத்தில் ஓடுவது எவ்வளவு என்பதுதான் கேள்வி. பேக்கிங் மெஷின், அலுவலக ஏசி, விளக்கு என்று பிரித்துப் பார்த்தால் பகலில் வருடத்துக்கு 28,000 யூனிட் வந்தது. இரவில் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்த ஃபோர்க்லிஃப்டை மதியத்துக்கு மாற்றச் சம்மதித்ததால் கிடைத்த எண் அது. பகல் முழுக்கச் சராசரியாகப் பத்து கிலோவாட் ஓடுகிறது என்று சொல்லலாம்.

அந்த அளவுக்குச் சோலாரைச் சிறிதாக்குவது முதலாளியின் மனதுக்கு ஒப்பவில்லை. "ஏனுங்க தம்பி, கூரை முழுக்கக் காலியாத்தானே கிடக்குது, நாப்பதே போட்டா என்னங்க? மிச்சத்தை ஈபிக்காரங்க வாங்கிக்குவாங்கல்ல?"

வாங்கிக்கொள்வார்கள், விலைதான் வேறு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இருப்பதைப் போல யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் முறை வணிக இணைப்புக்குக் கிடையாது. நாம் உற்பத்தி செய்து நாமே ஓட்டிய யூனிட்டின் மதிப்பு பத்து ரூபாய். வெளியே தள்ளிய யூனிட்டுக்கு வாரியம் வரவு வைக்கும் விலை அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். கணக்குக்கு மூன்று ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். வீடுகளுக்கான மத்திய அரசு மானியமும் குடோனுக்கு வராது.

அண்ணன் என்னைப் போடச் சொன்ன கணக்கு இது. நம் ஊரில் ஒரு கிலோவாட் சோலார் நாளுக்குச் சராசரியாக நான்கு யூனிட், வருடத்துக்கு 1,450 யூனிட் அளவு தரும். 15 கிலோவாட் போட்டால் 21,750. ஞாயிறும் பண்டிகை நாட்களும் குடோன் பூட்டியிருக்கும்போது வருவது வெளியே போய்விடும். உச்சி வெயிலில் கொஞ்சம் போகும். ஆக 16,500 உள்ளே ஓடும், 5,250 வெளியே போகும். வரவு சுமார் 1,80,000. கழுவவும் பராமரிக்கவும் 15,000 கழித்தால் 1,65,000. செலவு 7,50,000. நாலரை வருடம்.

40 கிலோவாட் போட்டால் 58,000 யூனிட் வரும். ஆனால் குடோன் பகலில் விழுங்கக்கூடியதே அவ்வளவு இல்லை. நல்ல நாள், மழை நாள் எல்லாம் பார்த்து 23,000 உள்ளே ஓடலாம், 35,000 மூன்று ரூபாய்க்குப் போகும். வரவு 3,35,000, பராமரிப்பு 35,000 போக மூன்று லட்சம். செலவு 18 லட்சம். ஆறு வருடம். கொட்டேஷனில் எல்லா யூனிட்டையும் பத்து ரூபாயால் பெருக்கி மூன்று வருடம் என்று போட்டிருந்தார்கள்.

ஆறு வருடமும் மோசமில்லையே என்று தோன்றலாம். அங்கேதான் அண்ணன் கணக்கைப் பிரித்துக் காட்டினார். முதல் 15 கிலோவாட் இருக்கும் நிலையில், அதற்கு மேல் போடும் 25 கிலோவாட்டுக்குத் தனியாகச் செலவு பத்தரை லட்சம். அது தனியாகக் கொண்டுவருவது வருடத்துக்கு 1,35,000. அந்தப் பணம் திரும்ப ஏறக்குறைய எட்டு வருடம். மொத்தச் சராசரியை மட்டும் காட்டினால் நல்ல பாதி கெட்ட பாதியை மறைத்துவிடும். இதைக் கேட்டபின் முதலாளி கூரையைப் பற்றிப் பேசவில்லை.

இன்னொரு தடையும் இருந்தது. இணைப்பின் சேங்ஷன் லோடு 28 கிலோவாட். அதற்கு மேல் சோலார் போட அனுமதி இல்லை. நாற்பது போட வேண்டுமென்றால் லோடை உயர்த்த வேண்டும், உயர்த்தினால் கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று வரும் நிலையான கட்டணமும் உயரும். அந்தக் கட்டணத்தை சோலார் ஒரு பைசாகூடக் குறைக்காது.

கூரையில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று எடை. பேனல் ஒன்று 28 கிலோ, தாங்கும் ரெயிலோடு சதுர மீட்டருக்கு 13 கிலோ அளவு வரும். டிரஸ்ஸும் பர்லினும் அதையும் ஆடிக் காற்றையும் தாங்குமா என்று கட்டடப் பொறியாளர் எழுதித் தர வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையாக இருந்தால் அண்ணன் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். அதில் ஆள் நடக்கவே முடியாது.

இரண்டாவதை நான் வேறெந்த வேலையிலும் பார்த்ததில்லை. கொட்டேஷன்காரர்கள் கொடுத்த வரைபடத்தில் பேனல் வரிசைகள் தெற்குச் சரிவில் உடையாமல் நீளமாக ஓடின. அழகாக இருந்தது. ஆனால் அந்தச் சரிவில் இடையிடையே வெளிச்சம் விடும் கண்ணாடி இழைத் தகடுகள் இருக்கின்றன. புகையும் பஞ்சுத் தூசியும் படிந்து கறுத்துப் போயிருந்ததால் கீழேயிருந்து பார்த்தால் தகரம் போலவே தெரியும். அவற்றின் மேல் பேனலை வைத்தால் பகல் வெளிச்சத்தை மூடிவிட்டு, அதே பேனலின் மின்சாரத்தால் விளக்கு எரிக்கிற நிலை வரும். நாங்கள் தகடுகளைக் கழுவினோம், வெடித்திருந்தவற்றை மாற்றினோம், 28 பேனல்களையும் அவற்றை விட்டு விலக்கி வரிசைப்படுத்தினோம். அதனால் சில நடைபாதைகளில் மதியம் விளக்கே தேவைப்படுவதில்லை. அந்த மிச்சத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. மேகத்தையும் அடுத்த வருடத்துத் தூசியையும் நம்பி எண் எழுதக் கூடாது என்பது அண்ணனின் வழக்கம்.

கரண்ட் போனால் சோலார் காப்பாற்றுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். பேட்டரி இல்லாத இந்த வகை இன்வெர்ட்டர் கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஆளைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடு அது. ஜெனரேட்டரை விற்றுவிட வேண்டாம் என்று எங்கள் கொட்டேஷனின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தோம்.

விளக்கு மாற்றியபின் அதே மாதிரி ஒரு மணி நேர ரீடிங் எடுத்தபோது, சென்சார்களை வேலை செய்யவிடாமல் முப்பதையும் எரியவிட்டு, 3.7 யூனிட் வந்தது. இப்போது சேங்ஷன் லோடைக் குறைக்க விண்ணப்பம் தயாராகிறது. இணைந்த லோடு 18 கிலோவாட்டாகிவிட்டது. ஆனால் சோலார் 15 கிலோவாட் என்பதால் அதற்குக் கீழே எப்போதும் இறக்கக் கூடாது. விண்ணப்பத்தில் 18 என்று எழுதியிருக்கிறோம்.