நிரப்பாமல் விட்ட கட்டங்கள்

டர்பனில் தன்னார்வலர்கள் கூடும் ஓர் அறைக்கு நான் போன அன்று, ஒருங்கிணைப்பாளர் எழுதிய நன்றிக் கடிதம் எல்லோர் கையிலும் இருந்தது. ஓராண்டாகப் பழைய கப்பல் பதிவேடுகளைப் படித்துக் கணினியில் ஏற்றியவர்கள் அவர்கள். நிரப்பாமல் விட்ட கட்டங்களுக்கே அவர் முதல் நன்றி சொல்லியிருந்தார்.

1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனுக்கு வந்தது. அது முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் இறங்கினார்கள். அந்தப் பதிவேடுகளில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதையொட்டிப் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், அங்க அடையாளம் என்று ஒரே வரியில் ஓர் ஆள்.

ஒரே பக்கத்தை இருவர் தனித்தனியே ஏற்றுகிறார்கள். வேறுபடும் இடங்களை மூன்றாமவர் மூலத்தின் படத்தோடு ஒப்பிடுகிறார். அந்த மூன்றாமவர்களில் ஒருவர், ஓய்வுபெற்ற செவிலியர், எல்லோருக்கும் ஆன்ட்டி. எனக்கு ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். 22 வயது ஆண், அடுத்த வரியில் அவன் மனைவி, வயது 20, அதற்கடுத்து 2 வயதுக் குழந்தை. மனைவியின் தந்தை பெயரை எழுத்தர் எழுதவே இல்லை. முதலில் ஏற்றியவர் அந்த வெற்றுக் கட்டத்தைக் கவனிக்காமல் குழந்தையின் தந்தை பெயரை அங்கே இட்டுவிட்டார். அந்த நொடியிலிருந்து பக்கத்தின் அடிவரை ஒவ்வொருவருக்கும் கீழ்வரிக்காரரின் தகப்பன்!

“பேரெல்லாம் சரியாத்தான் இருக்கும் தம்பி, மேலோட்டமாப் படிச்சா தெரியாது. 22 வயசுக்காரனுக்கு 20 வயசில மகளா?” என்றார். இரண்டாமவர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்ததால்தான் அத்தனை வரிகளும் முரண்பட்டுப் பிழை வெளிப்பட்டது.

ஊர்ப் பெயர்கள் இன்னும் சிரமம். தமிழ் ஊர்ப் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். பின்பக்கத்து மை வேறு ஊறியிருக்கும். தமிழ் தெரிந்தவருக்குக் கை துறுதுறுக்கும், ‘இது பூந்தமல்லிதானே’ என்று. எழுதியிருப்பதை அப்படியே ஏற்ற வேண்டும், புரியாத எழுத்துக்கு அடைப்புக்குறிக்குள் கேள்விக்குறி, ஊகத்துக்குத் தனிக் கட்டம் என்பது இவர்கள் வைத்திருக்கும் விதி. எனக்கு இது கடுமையாகத் தோன்றவில்லை. கொள்ளுத்தாத்தாவின் ஊரைத் தேடித் தமிழ்நாட்டுக்குக் கிளம்பும் குடும்பத்துக்குக் கையிலிருப்பது பெரும்பாலும் இந்த ஒரு வரிதான். துணிந்து நிரப்பிய ஊகம் அவர்களை அடுத்த தாலுகாவில் கொண்டுபோய் நிறுத்திவிடும். கேள்விக்குறி இருந்தால் இரண்டு மூன்று ஊர்களிலாவது விசாரிப்பார்கள்.

கடிதத்தின் கடைசிப் பத்தி அடுத்த வேலையைச் சொல்கிறது. கேள்விக்குறியிட்ட வரிகளை மட்டும் தொகுத்து, படத்தை விட்டு அசல் பதிவேட்டையே பார்க்கப்போகிறார்கள். அதற்குச் செங்கல்பட்டு, வட ஆற்காடு மாவட்டங்களின் பழைய கிராமப் பெயர்கள் தெரிந்தவர்கள் வேண்டுமாம்.