சாவியை வாங்குமுன்

ரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் எனக்கு ஒரு வழக்கம் நன்கு தெரியும். பெட்டி உடைந்தோ மூட்டை கிழிந்தோ வந்திருந்தால், சரக்குக்கு உரியவர் கையெழுத்திடுமுன் 'ஓப்பன் டெலிவரி' கேட்கலாம். அவர் முன்னிலையில் பிரித்துப் பார்த்துக் குறைவை எழுதிய பின்னரே சரக்கு ஒப்படைக்கப்படும். ஒன்றும் சொல்லாமல் கையெழுத்திட்டவர், பிறகு சேதத்தைப் பற்றி வாதாடுவது மிகக் கடினம்.

கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துடன் வரும் வாடகைக் கார்களை நாமே ஓட்டிச் செல்லும் பழக்கம் இப்போது நம் குடும்பங்களில் பெருகியிருக்கிறது. அங்கும் இதே முறைதான் நன்று. ஆனால் பார்சலில் போவது பொருள் மட்டுமே. காரில் செல்வதோ மனைவி மக்கள்.

சென்ற கோடையில் ஊரிலிருந்து என் மைத்துனர் குடும்பத்துடன் நாகபுரிக்கு வந்திருந்தார். அனைவரும் புதிய விரைவுச் சாலை வழியாக ஷீரடி சென்றுவர எண்ணினோம். நாகபுரியிலிருந்து ஷீரடி வரையில் 2022 டிசம்பரில் திறக்கப்பட்ட அச்சாலைப் பகுதி 520 கிலோமீட்டர் நீளமுள்ளது. கோடை வெயிலில், முழுச் சுமையுடன், மணிக்கணக்காக வேகமாக ஓடும்போது டயர் மிகவும் சூடேறும். பலவீனமான டயர் வெடிப்பது பெரும்பாலும் இத்தகைய ஓட்டத்தில்தான்.

காரைக் கொண்டுவந்த இளைஞர் சாவியை நீட்டினார். நான் அதை வாங்குமுன், ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பி நிறுத்தச் சொன்னேன். அப்படித் திருப்பினால்தான் முன் டயரின் முகம் வெளியே தெரியும். டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அம்மேடுகளுக்குச் சமமாகிவிட்டால், அந்த டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். வெளி ஓரத்தை மட்டும் பார்த்தல் போதாது. சக்கரம் சாய்வாக அமைந்திருந்தால் உள் ஓரம் மட்டும் வழுக்கையாகியிருக்கும். கையை உள்ளே விட்டுத் தடவினால் அது தெரிந்துவிடும்.

இந்தக் காரில் முன் டயர்கள் இரண்டும் நன்றாகவே இருந்தன. இடது பின் டயரின் பக்கச் சுவரில்தான் பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு தென்பட்டது. பள்ளத்திலோ நடைபாதைக் கல்லிலோ மோதும்போது டயருக்குள் இருக்கும் இழைகள் அறுந்துவிடும். அதன்பின் காற்றை வெறும் ரப்பரே தாங்கி நிற்க வேண்டும். ஆகவே அவ்விடம் புடைக்கிறது. இதற்குப் பஞ்சர் ஒட்டுவதுபோல் மருந்து கிடையாது. டயரை மாற்றியே ஆக வேண்டும்.

"ஸ்டெப்னி இருக்கிறதே, சாப்!" என்றார் இளைஞர். டிக்கியைத் திறக்கச் சொன்னேன். அது எரிவாயுவில் ஓடும் கார். எரிவாயு உருளையே டிக்கியை அடைத்திருந்தது. ஸ்டெப்னி அதற்கடியில் இருந்தது. அதை வெளியே எடுக்கக் கால்மணி நேரமாயிற்று. அதன் பக்கச் சுவரில் 1415 என்று அச்சிட்டிருந்தது. முதல் இரண்டு எண்கள் வாரம், பின்னிரண்டு ஆண்டு. அதாவது 2015ஆம் ஆண்டின் 14ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. ஓடாமலே கிடந்தாலும் பத்து ஆண்டுகளில் ரப்பர் இறுகி வெடிப்பு விட்டுவிடும். அதில் காற்றும் பாதியளவே இருந்தது. ஜாக்கி இருந்தது, ஸ்பானரைக் காணோம்.

ஸ்டெப்னியே இல்லாத கார்களும் உண்டு. காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் சரிசெய்யும் பொருள்களும் இருந்தால் ஸ்டெப்னி வேண்டியதில்லை என்று 2020இல் விதி திருத்தப்பட்டது. அப்பொருள்கள் ஆணி குத்திய துளைக்கு உதவும். கிழிந்த பக்கச் சுவருக்கு உதவமாட்டா. ஆகையால் அத்தகைய காரில் பக்கச் சுவரை இரட்டிப்புக் கவனத்துடன் பார்க்க வேண்டும்.

நான் புடைப்பையும் நான்கு எண்களையும் படமெடுத்து நிறுவனத்துக்கு அனுப்பி, வேறு கார் கேட்டேன். இரண்டு மணி நேரத்தில் மற்றொன்று வந்தது. அதையும் அதே வரிசையில் பார்த்தேன். புழுதி படிந்த உடம்பில் கீறல் தெரியாது. எனவே ஈரத்துணியால் துடைக்கச் சொல்லி, பம்பரின் அடிவிளிம்பு, சக்கர விளிம்பு, முன் கண்ணாடி மூன்றையும் குனிந்து நோக்கினேன். பம்பரடியில் இரு கீறல்கள் இருந்தன. அவற்றைக் கைப்பேசிச் செயலியில் பதிந்து, இளைஞரையும் ஒப்புக்கொள்ளச் செய்த பிறகே புறப்பட்டோம். திருப்பித் தந்தபோது அதே கீறல்களுக்குப் பணம் பிடிக்க முனைந்தார்கள். பதிவைக் காட்டியதும் முன்பணம் முழுவதும் திரும்பி வந்தது.

இச்சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. உள்ளே அறுந்து இன்னும் புடைக்காத இழை கண்ணுக்குத் தெரியாது. ஆதலால் வழியில் வண்டி புதிதாக அதிரத் தொடங்கினால், வேகத்தை மெல்லக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, நான்கு டயர்களையும் மறுபடி பாருங்கள்.