பானட்டைத் திறக்காதே, தம்பி!

ஓடிக்கொண்டிருக்கும் காரின் பானட் இடுக்கிலிருந்து புகை வந்தால், நம்மில் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். வண்டியை ஓரம்கட்டி, இறங்கி ஓடிப்போய் பானட்டைத் தூக்கிப் பார்ப்போம். என்ன ஆயிற்று என்று பார்த்தால்தானே அணைக்க முடியும்? நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் செய்யவே கூடாத காரியம் அது. இதை எங்கள் குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர், பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத ஒரு லாரி டிரைவர்.

திருச்சியில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு விழுப்புரம் திரும்பிக்கொண்டிருந்தோம். தம்பி ஓட்டினான். பக்கத்தில் நான். பின்னால் அம்மாவும், தம்பி மனைவியும், அவர்களுடைய நாலு வயசுப் பையனும். தொழுதூர் தாண்டியதும் ஏசி வழியாக ஒரு வாடை வந்தது. பிளாஸ்டிக் கருகுகிற வாடை. கொஞ்ச தூரத்தில் பானட்டின் இடது ஓரத்தில் சாம்பல் நிறப் புகை கிளம்பியது.

"ரேடியேட்டர் ஆவியா இருக்கும்டா" என்றார் அம்மா. ரேடியேட்டர் ஆவி என்றால் வெள்ளையாக வரும். காற்றில் உடனே கரைந்துவிடும். கூலன்ட் ஊற்றிய வண்டியில் லேசாக ஒரு தித்திப்பு வாசனையும் இருக்கும். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளும் ஏறியிருக்கும். எங்கள் வண்டியில் முள் நடுவில்தான் நின்றது. சாம்பல் அல்லது கறுப்புப் புகை, அதோடு ரப்பரோ பிளாஸ்டிக்கோ கருகும் வாடை என்றால், அங்கே ஏதோ எரிகிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

தம்பி இடதுபக்கம் ஒதுக்கி, காய்ந்த புல் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தினான். முதலில் எல்லாக் கதவுகளின் பூட்டையும் விடுவித்தான். பிறகுதான் எஞ்சினை அணைத்தான். இந்த வரிசை முக்கியம். ஒயர்கள் எரிய ஆரம்பித்தால் பவர் விண்டோவும் சென்ட்ரல் லாக்கும் எந்த நிமிடமும் செத்துப்போகலாம். 2023 பிப்ரவரியில் கண்ணூரில், பிரசவத்துக்காக ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பத்தின் கார் தீப்பிடித்தது. பின்னால் இருந்த நான்கு பேரும் தப்பினார்கள். முன்னால் இருந்த கணவனும் கர்ப்பிணி மனைவியும் கதவைத் திறக்க முடியாமல் இறந்துபோனார்கள்.

எஞ்சினை அணைப்பதற்கும் காரணம் உண்டு. இன்றைய பெட்ரோல் கார்களில், டேங்குக்குள் இருக்கும் மின்சார பம்ப்தான் பெட்ரோலை முன்னால் தள்ளுகிறது. எஞ்சின் ஓடும்வரை அதுவும் ஓடும். டியூப் எங்காவது எரிந்து ஓட்டை விழுந்தால், நெருப்புக்கு நாமே பெட்ரோல் ஊற்றிக் கொடுத்தது போல ஆகிவிடும். சாவியைத் திருப்பினால் பம்ப் நின்றுவிடும்.

எல்லோரும் இடதுபக்கக் கதவுகள் வழியாக இறங்கினோம். எஞ்சினை அணைத்த பிறகும் புகை நிற்கவில்லை. தம்பி உள்ளே இருக்கும் பானட் லீவரை இழுத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு முன்பக்கம் போனான். அப்போதுதான் பின்னால் நின்ற லாரியிலிருந்து ஒருவர் சிவப்பு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு கத்தியபடியே ஓடி வந்தார்: "பானட்டைத் திறக்காதே, தம்பி! அம்மாவையும் குழந்தையையும் தூரமா கூட்டிட்டுப் போங்க!"

லீவரை இழுத்ததால் பானட் இரண்டு விரல் அளவுக்கு மேலே எழும்பி, இரண்டாவது கொக்கியில் நின்றிருந்தது. அவர் அதைத் தூக்கவே இல்லை. நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் குனிந்து, பின்னைப் பிடுங்கி, அந்த இடுக்குக்குள் குழாயை வைத்து அழுத்தினார். வெள்ளைப் பொடி உள்ளே பாய்ந்தது. புகை அடங்கியது.

அதன் பிறகும் கால் மணி நேரம் பானட்டைத் தொட விடவில்லை. "உள்ள நெருப்பு காத்தில்லாம திணறிக்கிட்டுக் கிடக்கும் தம்பி. சடார்னு தூக்கினா நாமளே காத்து குடுத்த மாதிரி. குப்புனு மூஞ்சில அடிக்கும்" என்றார். பானட் நன்றாக ஆறிய பிறகு திறந்து, ஸ்பேனரால் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிட்டார்.

அது எவ்வளவு சரி என்பது மறுநாள் மெக்கானிக் காட்டியபோதுதான் புரிந்தது. ஹாரன் சத்தம் போதவில்லை என்று ஒரு கடையில் பெரிய ஹாரன் மாட்டியிருந்தான் தம்பி. கடைக்காரர் அதற்கான ஒயரை, நடுவில் ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக இழுத்திருக்கிறார். அந்த ஒயர் இரும்பில் உரசி உரசி மேல்தோல் தேய்ந்து ஷார்ட் ஆகியிருக்கிறது. ஃபியூஸ் இருந்திருந்தால் அதுவே எரிந்து மின்சாரத்தை நிறுத்தியிருக்கும். சாவி வழியாக வராத ஒயர் என்பதால், எஞ்சினை அணைத்தும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தது. பேட்டரியைக் கழற்றாமல் விட்டிருந்தால் அணைந்த நெருப்பு மறுபடி பிடித்திருக்கும்.

காருக்கு 1 கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பான் போதும். ஆனால் அது பத்து வினாடி அளவுக்குத்தான் பீய்ச்சும். எனவே தூரத்திலிருந்து காற்றில் அடித்து வீணாக்கக் கூடாது. டிக்கியில் பெட்டிகளுக்கு அடியில் இருந்தாலும் பயனில்லை. முன் சீட்டுக்குக் கீழே, உருளாதபடி மாட்டி வைக்க வேண்டும். மீட்டர் முள் பச்சையில் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

புகை மட்டும் இருக்கும்போது, அல்லது நெருப்பு சின்னதாக இருக்கும்போதுதான் இந்த முயற்சியெல்லாம். பானட்டுக்கு வெளியே தீ நாக்கு தெரிந்தாலோ, பானட் பெயின்ட் கொப்பளித்தாலோ, டாஷ்போர்டு வழியாகப் புகை உள்ளே வந்தாலோ லீவரையும் இழுக்க வேண்டாம். பையையும் போனையும் தேடாமல் இறங்கி, காற்று வரும் திசையில் நூறு அடியாவது தள்ளிப் போய்விட வேண்டும். காருக்கு நேர் முன்னாலும் பின்னாலும் நிற்க வேண்டாம். பானட்டையும் டிக்கி கதவையும் தாங்கும் கேஸ் கம்பிகள் சூட்டில் வெடித்து அம்பு போலப் பாயலாம். டயர்களும் வெடிக்கும். மின்சார காரின் பேட்டரி தீப்பிடித்தால் கையில் இருக்கும் சிலிண்டர் எதுவும் செய்யாது. விலகுவது ஒன்றுதான் வழி.

தள்ளி நின்ற பிறகு 112 அல்லது 101-க்குப் பேசலாம். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-ம் உண்டு. எந்த ஊருக்குப் போகிற பக்கம், பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் என்ன எண், உள்ளே யாராவது மாட்டியிருக்கிறார்களா என்ற மூன்றையும் முதலில் சொல்ல வேண்டும். எரிபொருள் கேஸ் என்றால் அதையும் சொல்லுங்கள்.

உங்கள் காரில் கம்பெனி பொருத்தாத ஹாரன், விளக்கு, மியூசிக் சிஸ்டம் ஏதாவது இருந்தால், அடுத்த சர்வீஸில் மெக்கானிக்கிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த ஒயருக்கு ஃபியூஸ் எங்கே இருக்கு?" அவர் விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். அது பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். காட்ட முடியாவிட்டால், அந்த ஒயரை அன்றைக்கே கழற்றச் சொல்லிவிடுங்கள்.