பாதி நரைக்கு வேறு கலவை

மல்லேஸ்வரத்து அழகு நிலையமொன்றில் பேராசிரியை ஒருவர் தம் பழைய சாயமான 5.5-ஐயே கேட்டார். புள்ளிக்கு முன்னுள்ள எண் நிறத்தின் ஆழம். பின்னுள்ளது சாயல், இங்கே மஹோகனிச் செம்மை. நரை அரிதாயிருந்த நாளில் அது தனித்தே போதுமாயிருந்தது. முடியின் கருநிறமி அடியில் நின்று செம்மையை அடக்கியது. இப்போது பாதி நரை. நரைமுடியில் அந்நிறமி இல்லாததால், அதே சாயம் அங்கே பளீரெனச் சிவந்துவிடும். இல்லாத அடித்தளத்தைக் கலவையே தரவேண்டும். ஆகவே ஒப்பனையாளர் 30 கிராம் 5.5-உடன், அதே ஆழத்து இயல்பு நிறமான 5.0-இல் 30 கிராம் சேர்த்து, 60 மில்லி 6 சதவீத டெவலப்பரில் குழைத்தார்.

"செம்மை சற்றுக் குறையும், மேடம்."

"குறையட்டும். போன முறை வீட்டில் 5.5 மட்டும் பூசினேன். வகுப்பு முழுதும் என் நெற்றியோரத்தையே பார்த்தது."