ஒரு கூரையின் கீழ் இரு குடித்தனம்

யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகள் பெருங்குடும்பங்களுக்கெனக் கட்டப்பட்டவை. பிள்ளைகள் கனடாவுக்கும் இலண்டனுக்கும் போய்ச் சேர்ந்தபின், ஏழெட்டு அறைகளும் நீண்ட விறாந்தையும் பூட்டியபடி கிடக்கின்றன. அத்தனை பெரிய வீட்டை முழுதாக வாடகைக்கு எடுப்போர் இக்காலத்தில் அரிது. ஆகவே வீட்டை இரண்டாக்கி இரு குடும்பங்களுக்குக் கொடுப்பதென்ற எண்ணம் பலருக்கும் எழுகின்றது. நடுக்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டால் வீடு பிரிந்துவிட்டதென நினைப்போரும் உளர். பூட்டிய கதவு மனிதரைத்தான் பிரிக்கும். மின்சாரப் பட்டியலைப் பிரிக்காது.

எமது பெரிய தந்தையார் நல்லூர்ப் பக்கத்தில் விட்டுச்சென்ற வீடு எம் பொறுப்புக்கு வந்தபோது, அதில் ஏற்கெனவே இரு குடும்பங்கள் குடியிருந்தன. கிழக்குப் பாதியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் அவருடைய பேத்தியும். மேற்குப் பாதியில் கணவனும் மனைவியும் மூன்று பிள்ளைகளும். தெருவிலிருந்து வரும் கம்பிக்கு மீற்றர் ஒன்றே. ஆசிரியையின் பகுதிக்கு மட்டும் சிறியதோர் உபமீற்றரைப் பூட்டியிருந்தார்கள். மாதம் முடிந்ததும் அதில் ஓடிய அலகுகளைப் பார்த்து, வந்த பட்டியலை அலகுக் கணக்கில் பங்கிட்டார்கள். பார்ப்பதற்கு இதைவிட நீதியான முறை இல்லையென்றே தோன்றும். ஆயினும் இரு வீட்டாரும் முகம் பார்த்துப் பேசுவதை விட்டு ஆறு மாதமாகியிருந்தது. “பிள்ளை, இரவிலை நான் ஒரு விளக்குத்தானே எரிக்கிறன். காசு மட்டும் ஏன் இப்படி ஓடுது?” என்று ரீச்சர் எம்மிடம் கேட்டார். மேற்கு வீட்டார் திருட்டுத்தனமாகக் கம்பி இழுத்திருப்பதாக அவருக்குச் சந்தேகம். மேற்கு வீட்டாருக்கோ, உபமீற்றர் மெதுவாக ஓடுகிறதென்ற சந்தேகம்.

இரண்டுமே உண்மையல்ல. குற்றம் கட்டண முறையிலும் ஒற்றை மீற்றரிலும் இருந்தது. இதை ஒரு மாதத்துக் கணக்கைக் கொண்டே காட்டுவோம். அது 2019ஆம் ஆண்டு. அம்மாதம் ரீச்சரின் பகுதியில் 50 அலகு, மேற்குப் பகுதியில் 120 அலகு, மொத்தம் 170. அக்காலத்து வீட்டுக் கட்டணப்படி, மாதம் 60 அலகுக்கு மேற்பட்டால் முதல் 60 அலகும் 7 ரூபா 85 சதம் வீதமாகும். அடுத்த 30 அலகு 10 ரூபா வீதம். அதற்கடுத்த 30 அலகு 27 ரூபா 75 சதம் வீதம். 120க்கு மேல் 180 வரை 32 ரூபா வீதம். 170 அலகுக்கான நிலையான கட்டணம் 480 ரூபா. எல்லாம் கூட்டினால் 3683 ரூபா 50 சதம். இதில் ரீச்சரின் பங்கு, அலகுக் கணக்கில், 1083 ரூபா.

ரீச்சருக்குத் தனி மீற்றர் இருந்திருந்தால் என்ன வந்திருக்கும்? 60 அலகுக்கு உட்பட்ட வீட்டுக்கு அப்போது வேறு வீதம் இருந்தது. முதல் 30 அலகு 2 ரூபா 50 சதம் வீதமும், மிகுதி 20 அலகு 4 ரூபா 85 சதம் வீதமும், நிலையான கட்டணம் 60 ரூபாவுமாக 232 ரூபாதான் வந்திருக்கும். மேற்கு வீட்டாருக்கும் தனியே 2083 ரூபா 50 சதமே வரும். அவர்கள் கொடுத்ததோ ஏறத்தாழ 2600 ரூபா. இருவரையும் ஒரே மீற்றரில் கட்டிவைத்ததனால் மாதம் 1368 ரூபா வீணாகப் போனது. அதில் பெரும்பகுதியைச் சுமந்தவர் குறைவாகச் செலவழித்தவரே. உபமீற்றர் அலகை அளக்கும். எந்த அலகு எந்தப் படியில் ஏறிற்று என்பதை அது அறியாது. இந்த வீதங்கள் அதன்பின் மாறிவிட்டன. எனினும் கூடச் செலவழிப்போருக்கு அலகின் விலை கூடும் படிமுறை நிலவும் எந்த இடத்திலும், கணக்கின் போக்கு இதுவேதான்.

ஆகவே இரண்டாவது மீற்றருக்கு விண்ணப்பித்தோம். மின்சாரக் கந்தோரில் எம்மிடம் கேட்டது, அது மெய்யாகவே இரு வீடா என்பதை. தனிவாசல் உண்டா, தனிக் குசினி உண்டா, உள்ளே போய்வரக் கதவு உண்டா, மின்கம்பிகள் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டுத் தகுதியுள்ளவரால் சோதிக்கப்பட்டனவா, உள்ளூராட்சி மன்றத்தின் வரி இலக்கம் தனியாக உண்டா என்று விசாரித்தார்கள். ஒரே குடும்பம் படிக் கட்டணத்திலிருந்து தப்புவதற்காக இரண்டு மீற்றர் வைப்பதைத் தடுப்பதற்கு இக்கேள்விகள் வேண்டியனவே. மாநகரசபைக்குப் போய் உப இலக்கம் கேட்டபோது பரிசோதகர் வந்து பார்த்தார். வீடு இரண்டானால் ஆதன வரியின் மதிப்பும் மறுபடி பார்க்கப்படலாம். அதையும் வாடகை பேசும்போதே எண்ணிவைத்தல் நன்று.

சுவர் எழுப்புவது எளிய வேலைபோலத் தோன்றும். நடுமண்டபத்துக் கதவுநிலையைக் கழற்றி, சீமெந்துக் கல்லால் அடைத்துப் பூசினோம். அடுத்த நாளே மேற்கு வீட்டுப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது ரீச்சரின் கட்டிலுக்குத் தெளிவாகக் கேட்டது. பழைய ஓட்டு வீடுகளில் உட்சுவர்கள் சுவர்மட்டத்தோடு நின்றுவிடும். அதற்குமேல் கூரையின் உள்வெளி முழு வீட்டுக்கும் பொதுவாகவே இருக்கும். எம் பெரிய தந்தையார் காலத்தில் அது காற்றோட்டத்துக்கு உதவியது. வாடகை வீட்டுக்கு அது உதவாது. பிரிசுவரை ஓடுவரை உயர்த்தி, தீராந்தியைச் சுற்றியிருந்த இடைவெளிகளையும் அடைத்த பின்பே வீடு இரண்டாயிற்று. ரீச்சரின் புதிய வாசல் ஒழுங்கைப் பக்கம் திறந்தது. பின்புறம் இருந்த களஞ்சிய அறை அவருக்குக் குசினியாயிற்று. கழிவுநீர்க் குழாய் அதற்கு அருகே போனதே அதைத் தேர்ந்த காரணம்.

மின்கம்பிகளைப் பிரிப்பதுதான் மிகக் கடினமான பகுதி. பழைய வீடுகளில் வயர்மன் எது அருகில் இருந்ததோ அதிலிருந்து கம்பியை இழுத்திருப்பார். ஒரு விளக்கின் உயிர்க்கம்பி கிழக்குச் சுற்றிலிருந்தும், அதன் நடுநிலைக் கம்பி மேற்குச் சுற்றிலிருந்தும் வந்திருக்கும். ஒரே மீற்றராய் இருந்தவரை யாருக்கும் அது தெரியாது. எமது வீட்டில் விறாந்தை விளக்கு அப்படிப்பட்டது. இரு பகுதிக்கும் தனித்தனி ட்ரிப் சுவிட்சு பூட்டியபின், மாலையில் அவ்விளக்கைப் போட்டவுடன் சில வேளை கிழக்கிலும் சில வேளை மேற்கிலும் சுவிட்சு விழுந்து வீடு இருண்டது. காரணம் இதுதான்: போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாயிருக்கின்றனவா என்றே அச்சுவிட்சு பார்க்கின்றது. வீடுகளில் வழக்கமாகப் பூட்டுவது 30 மில்லியம்பியர் வித்தியாசத்துக்கே விழுந்துவிடும். கிழக்கால் போய் மேற்கால் திரும்பும் ஓட்டம் இரு பக்கத்துக்கும் ஒழுக்காகவே தோன்றும். தொல்லையோடு ஆபத்தும் இதில் உண்டு. ஒரு பகுதியின் பிரதான சுவிட்சை மூடிவிட்டு வேலை செய்பவர், கம்பி செத்துவிட்டதென நம்பித் தொட, மறு வீட்டிலிருந்து ஓட்டம் வந்து சேரும்.

எமக்கு வாய்த்த வயர்மன் நிதானமானவர். முதலில் கிழக்கின் பிரதான சுவிட்சை மூடினார். உயிரையும் நடுநிலையையும் சேர்த்து வெட்டும் சுவிட்சு அது. பின்னர் கிழக்கில் ஏதேனும் எரிகிறதா, மேற்கில் ஏதேனும் அணைந்ததா என்று ஒவ்வொரு விளக்கையும் ஒவ்வொரு பிளக்கையும் சோதித்து, சுவரில் பென்சிலால் குறித்தார். பிறகு மேற்கை மூடி அவ்வாறே செய்தார். ஒன்றை மூட மற்றதில் அணைகின்ற விளக்கு எதுவோ அதுவே கடன்பட்ட விளக்கு. எமது வீட்டில் விறாந்தை விளக்கோடு கிணற்றடி விளக்கும் ஓர் அறையின் மின்விசிறியும் அப்படி அகப்பட்டன. மூன்றுக்கும் புதுக்கம்பி இழுத்தார். அவரை அவசரப்படுத்தாமல் இரண்டு நாள் விட்டதில் எமக்குத் திருப்தியே.

கிணறு ஒன்று; அதைப் பிரிக்க முடியாது, பிரிக்கவும் வேண்டியதில்லை. ஆனால் நீரிறைக்கும் மோட்டார் யாருடைய மீற்றரில் ஓடுவது என்பது அடுத்த சண்டைக்கு வித்து. ஆகவே ஒரு கிணற்றில் இரண்டு சிறு மோட்டார்களும், கூரையோரம் இரண்டு 1000 லீற்றர்த் தாங்கிகளும் வைத்து, அவரவர் மோட்டாரை அவரவர் மீற்றரோடு இணைத்தோம். மலக்குழியைப் பொதுவாகவே விட்டோம். அதை வெளியேற்றும் செலவு வீட்டுச் சொந்தக்காரரான எம்முடையது என ஒத்துக்கொண்டோம்.

இனி உடன்படிக்கை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளது. அதன்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு ஒப்பமிடப்பட்டாலன்றிச் செல்லாது. முத்திரை ஒட்டிய கடதாசியில் இருவரும் கையெழுத்திட்டால் போதுமென்பது ஊரில் பரவிய தவறான எண்ணம். நாம் இரண்டு உறுதிகள் எழுதுவித்தோம். ஒவ்வொன்றிலும் அந்தப் பகுதியின் அறைகள், வாசல், எல்லைச்சுவர், மின்மானியின் இலக்கம் ஆகியன தனித்தனியே குறிக்கப்பட்டன. கிணறு, கிணற்றடிக்குப் போகும் பாதை, மலக்குழி ஆகிய பொதுவானவற்றைப் பற்றிய பந்தி மட்டும் இரண்டிலும் சொல்லுக்குச் சொல் ஒன்றாகவே இருக்கவேண்டுமென நொத்தாரிசு ஐயா வற்புறுத்தினார். ஒருவருக்கு ‘பாவிக்கலாம்’ என்றும் மற்றவருக்கு ‘உரிமை உண்டு’ என்றும் எழுதினால், அந்த ஒரு சொல்லே வழக்காகும் என்றார் அவர்.

புதிய மீற்றர் பூட்டிய பின்பு ரீச்சருக்கு வந்த முதற் பட்டியலில் 48 அலகு. 222 ரூபா 30 சதம். “இது முழுக் காசோ, இன்னும் வருமோ?” என்று பேத்தியை விட்டுக் கேட்பித்தார். அவ்வாண்டு தைப்பொங்கலன்று மேற்கு வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் பொங்கல் ஒழுங்கை வாசலுக்குப் போனது.

கணக்குகள் இரண்டும் எம் பெயரிலேயே இருக்கின்றன. குடியிருப்போர் கட்டாமல் போனால் நிலுவை எம்மேல் நிற்கும். ஆகையால் யார் வந்தாலும் போனாலும், சாவி கைமாறும் அன்றே இரு தரப்பாரும் மீற்றர் முன் நின்று, அதிலுள்ள எண்ணை எழுதிக் கையெழுத்து வைக்கின்றோம். சென்ற மாதத்துப் பற்றுச்சீட்டைப் பார்த்த பின்பே முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்கின்றோம்.