சுவரில் இட்ட கோடு

சவளக்கடையில் நான் ஆசிரியையாயிருந்த நாட்களில், அயல்வீட்டு உம்மா ஒரு மாலை தன் 7 வயது மகளை அழைத்து வந்தாள். சிறுமியின் இடது மார்க்காம்பின் அடியில் புளியங்கொட்டையளவு தடிப்பு, தொட்டால் நோகிறது.

"கட்டிதானே டீச்சர், வெட்டி எடுத்தாச் சரியா?" என்றாள். மூத்தம்மாவோ, "புள்ள பெரிசாகப் போகுது, இனிப் பள்ளிக்கூடம் வேணாம்" என்றாளாம்.

இரண்டும் பிழை. அது கட்டியன்று, மார்பின் அரும்பு. ஒருபுறம் முந்தித் தோன்றுவது வழக்கம். அதை வெட்டினால் அப்பக்கம் மார்பு வளராமலே போகும். 8 வயதுக்குப்பின் அரும்பினால் இயல்பு. பூப்புக்கு அப்போதும் ஏறத்தாழ 2 ஆண்டு உண்டு. 8 வயதுக்கு முன்னரெனில் மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும்.

வாப்பா பெருநாள்தோறும் மகளின் உயரத்தைச் சுவரில் கோடிட்டு வந்திருந்தார். கடைசி ஆண்டில் 9 சென்ரிமீற்றர்! அவ்வயதில் ஐந்தாறுதான் இயல்பு. மருத்துவரும் முதலில் அக்கணக்கையே கேட்டார். உயரம் தாவாதிருந்தால், சில மாதம் கவனித்திருப்பதே பெரும்பாலும் போதுமாம். இவளுக்கோ, இடக்கை எக்ஸ்ரேயில் எலும்பின் வயது 10. முந்தி முதிரும் எலும்பு வளர்ச்சியையும் முந்தி முடித்துவிடும். இன்று நெடியவள் நாளை குள்ளமாவாள். இரத்தத்தையும் மூளையையும் சோதித்து வேறு நோயில்லையெனத் தெளிந்தபின், மாதமொரு ஊசியால் அவ்வேகத்தைத் தடுத்தார்கள்.

அவள் மூன்றாம் வகுப்பில் தன் பழைய இடத்திலேயே அமர்ந்தாள். அரும்பியது உடல் மட்டுமே. குழந்தை குழந்தையாகவே இருந்தாள். அவளை வீட்டில் அடைக்க எவருக்கு உரிமை?