001 என்னும் நிரை

செப்டெம்பர் 13, சனி

காலை வகுப்பில் இலத்திரனியல் அலகின் தருக்கப் படலைகளுக்கு வந்தோம். நீர்கொழும்பு வீதியில் நெரிசல் என்று கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் பிள்ளைகள் பிந்தினார்கள். அவர்கள் வருவதற்குள் பலகையில் ஒரு சுற்றை வரைந்து வைத்தேன். A, B இரண்டும் ஒரு நோர் படலைக்குள் போகின்றன. அதன் பயப்பு P. C ஒரு நொட் படலைக்குள் போகிறது. அதன் பயப்பு Q. P, Q இரண்டும் இன்னொரு நோர் படலைக்குள் புகுந்து F ஆக வெளியே வருகின்றன. பக்கத்தில் எட்டு நிரைகள் கொண்ட உண்மை அட்டவணை. F நிரலுக்கு ஐந்து விடைகள், பகுதி ஒன்றின் ஐம்பது வினாக்களில் வருகிற மாதிரியே.

அநேகமான பிள்ளைகள் 000 இல் தொடங்கி, மூன்று படலைகளையும் மனதுக்குள்ளேயே கடந்து, F ஐ நேரடியாக எழுதப் பார்த்தார்கள். இரண்டு மூன்று நிரைகள் சரியாக வரும். அதற்குப் பிறகு எங்காவது ஓரிடத்தில் நோர் ஓராகிவிடும். படலைகள் அவர்களுக்குத் தெரியாது என்பதல்ல. வினாத்தாளில் அச்சிட்டிருக்கிற அட்டவணையில் A, B, C, F என்று நான்கு நிரல்கள்தான் இருக்கின்றன. அதனால் வேறு நிரல் கீறக் கூடாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். P க்கும் Q வுக்கும் பென்சிலால் இரண்டு நிரல்கள் கீறச் சொன்னேன். அதோடு பிழைகள் பாதியாகக் குறைந்தன.

மீதிப் பாதியைக் குறைக்கக் கடைசிப் படலையிலிருந்து தொடங்க வேண்டும். நோர் படலைக்குள் ஒரேயொரு 1 வந்தாலும் பயப்பு 0. மற்றப் பெய்ப்பைப் பார்க்கத் தேவையில்லை. C = 0 என்றால் Q = 1. ஆகவே C = 0 ஆன நான்கு நிரைகளிலும் F = 0; A, B பக்கம் திரும்பவே வேண்டாம். மிச்சம் நான்கு நிரைகள். அவற்றில் Q = 0. P = 1 ஆவது A, B இரண்டும் 0 ஆகும்போது மட்டும்; அப்போதும் F = 0. எஞ்சிய மூன்றிலும் F = 1.

```
A B C   F
0 0 0   0
0 0 1   0
0 1 0   0
0 1 1   1
1 0 0   0
1 0 1   1
1 1 0   0
1 1 1   1
```

ஐந்து விடைகளில் இரண்டை C = 0 நிரைகளே வெட்டிவிட்டன. இன்னும் இரண்டு 001 இல் விழுந்தன. எட்டு நிரைகளையும் போட்டுப் பார்க்க வேண்டிய வினா அல்ல இது.

செப்டெம்பர் 14, ஞாயிறு

நேற்றைய அட்டவணையை மறுபக்கமாகக் கொடுத்தேன். சுற்று இல்லை, F நிரல் மட்டும் இருக்கிறது, அதற்குப் படலைகளை வரைய வேண்டும்.

பாடநூல் வழி எல்லாருக்கும் தெரியும். F = 1 ஆன ஒவ்வொரு நிரைக்கும் ஓர் அன்ட் படலை, பிறகு எல்லாவற்றையும் சேர்க்க ஓர் ஓர் படலை. மூன்று அன்ட், ஓர் ஓர், அவற்றோடு இரண்டு நொட். விடை சரிதான். ஆனால் அட்டவணையை வாசிக்காமலே எழுதிய விடை அது.

மாபொலையிலிருந்து வரும் பிள்ளை அமைதியாக அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மிஸ், F எங்க 1 ஆனாலும் அங்க C யும் 1 தான்” என்றாள். அதுதான் வாசிப்பு. C ஐ 1 இல் பிடித்துக்கொண்டு அந்த நான்கு நிரைகளை மட்டும் தனியே எழுதினால், A, B க்கு எதிரே 0, 1, 1, 1. அது ஓர் படலையின் அட்டவணை. ஆகவே F = (A + B)·C; இரண்டே படலைகள். சனிக்கிழமை நோர், நொட், நோர் என்று வந்த சுற்றும் இதே F ஐத்தான் தந்தது. F ஐ மட்டும் பார்த்து உள்ளே எந்தச் சுற்று இருக்கிறதென்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே அட்டவணைக்குப் பல சுற்றுகள் உண்டு என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டது எனக்குப் பெரிய சந்தோஷம்.

முடியும் தறுவாயில் எலகந்தைத் தம்பி கேட்டான்: “இதை டயோட்டாலயே செய்யலாமா மிஸ்?” வரைந்துகொண்டு வரச் சொன்னேன்.

செப்டெம்பர் 16, செவ்வாய்

பின்னேரம் வரைந்துகொண்டு வந்தான். ஒழுங்கான படம்.

A, B இரண்டிலும் ஒவ்வோர் இருவாயி. அனோட்டு பெய்ப்பின் பக்கம். இரண்டு கதோட்டுகளும் P யில் சேர்கின்றன. P யிலிருந்து ஒரு 10 கிலோஓம் தடையி புவிக்கு. A அல்லது B 5 வோல்ற்றுக்குப் போனால் அந்த இருவாயி முன்முகக் கோடலுறும். P ஏறத்தாழ 4.3 வோல்ற்றுக்கு உயரும். இரண்டும் 0 என்றால் தடையி P யைக் கீழே பிடித்துக்கொள்ளும். இது ஓர் படலை.

அடுத்த கட்டத்தில் திசை மாறுகிறது. இரண்டு இருவாயிகளின் கதோட்டுகள் P க்கும் C க்கும் போகின்றன. அனோட்டுகள் F இல் சேர்கின்றன. F இலிருந்து இன்னொரு 10 கிலோஓம் தடையி +5 வோல்ற்றுக்கு. P, C இரண்டில் ஏதாவதொன்று தாழ்ந்தாலும் F அதோடு இறங்கும். இது அன்ட் படலை.

இருவாயிச் சுற்றைக் கண்டால் வடிவத்தைப் பார்த்து ‘இது ஓர்’ என்று பெயர் சொல்லக் கூடாது என்பதை அவனுக்கும் சொன்னேன். முதலில் தடையி எங்கே போகிறதென்று பார்க்க வேண்டும். புவிக்குப் போனால், ஒருவரும் தள்ளாதபோது பயப்பு 0. உயர்ந்த பெய்ப்பு வெல்லும். +5 க்குப் போனால், ஒருவரும் இழுக்காதபோது பயப்பு 1. தாழ்ந்த பெய்ப்பு வெல்லும். பரீட்சையில் படத்தைக் கவிழ்த்துப் போட்டாலும் இது மாறாது.

எட்டு நிரைகளையும் அவனே போட்டுக் காட்டினான். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை அப்படியே வந்தது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சாமான் வாங்கிக் கட்டிப் பார்க்கப் போகிறானாம். கட்டு என்றேன்.

செப்டெம்பர் 17, புதன்

இரவு ஒன்பதுக்கு அழைப்பு. “மிஸ், எல்லாம் சரி. C ய மட்டும் 1 ல வச்சாலும் பல்ப் லேசா எரியுது.” F இல் 1 கிலோஓம் தடையியோடு சிவப்பு ஒளிகாலும் இருவாயி ஒன்றைப் போட்டிருக்கிறான். F = 1 ஆன நிரைகளில் ஒரு வெளிச்சம்; 001 இல் மங்கலான இன்னொரு வெளிச்சம்; மற்ற நான்கு நிரைகளிலும் இருட்டு. இருவாயி பழுதென்று இரண்டை மாற்றியும் பார்த்துவிட்டான்.

ஒளிகாலும் இருவாயியைக் கழற்றிவிட்டு F ஐ மீற்றரால் அளக்கச் சொன்னேன். 2.8 வோல்ற்று. ஒன்றுமல்ல, பூச்சியமுமல்ல.

பழுது எந்த உறுப்பிலும் இல்லை. A = B = 0, C = 1 என்கிற நிரையில் ஓட்டம் போகும் வழியை விரலால் தொடர்ந்தால் தெரியும். +5 இலிருந்து மேல் தடையி வழியாக F. அங்கிருந்து முன்முகக் கோடலுற்ற இருவாயி வழியாக P. P யிலிருந்து கீழ்த் தடையி வழியாகப் புவி. A, B இருவாயிகள் பின்முகக் கோடலில் இருப்பதால் P யைக் கீழே இழுக்க அந்த 10 கிலோஓம் தடையி ஒன்றுதான் இருக்கிறது. 5 இலிருந்து 0.7 போனால் 4.3. அதைச் சமமான இரண்டு தடையிகள் பாதி பாதியாகப் பிரிக்கின்றன. P யில் 2.15, F இல் 2.85. மீற்றர் சற்றுக் குறைத்துக் காட்டியதற்கும் காரணம் உண்டு. ஓட்டம் கால் மில்லியம்பியருக்கும் குறைவு. அவ்வளவு சிறிய ஓட்டத்தில் 1N4148 க்குக் குறுக்கே 0.7 முழுதாக விழாது.

செவ்வாய்க்கிழமை அவன் அட்டவணை போட்டபோது P = 0 என்று முதலில் எழுதிவிட்டு, அந்த 0 ஐ அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனான். படலைக் குறியீடுகளில் அது சரி. அங்கே ஒவ்வொரு படலையும் தன் பயப்பைத் தானே பிடித்துக்கொள்ளும் என்று வைத்துக்கொள்கிறோம். இருவாயிச் சுற்றில் P க்கு அந்தப் பலம் இல்லை. அடுத்த கட்டம் P யைத் தொட்டவுடன் P மாறுகிறது.

செப்டெம்பர் 20, சனி

தம்பி தன் பலகையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். எல்லாரும் சுற்றி நின்று அளந்தார்கள்.

“இலட்சிய இருவாயி என்று வினாவில் சொன்னால் இந்தப் பிரச்சினை வராதுதானே மிஸ்?” என்று கேட்டாள் மாபொலைப் பிள்ளை. நல்ல கேள்வி, கணித்துப் பார்க்கச் சொன்னேன். 0.7 ஐ எடுத்துவிட்டால் F = 2.5. இலட்சியம் காப்பாற்றாது. காப்பாற்றுவது தடையிகளின் விகிதம். கீழ்த் தடையியை 1 கிலோஓமாக மாற்றினோம். 4.3 வோல்ற்று 11 கிலோஓமுக்குக் குறுக்கே. P யில் 0.39, F இல் 1.09. மேல் தடையியை 100 கிலோஓமாகவும் ஆக்கினால் F 0.74 க்கு இறங்கும்; அது தெளிவான 0. ஆனால் இப்போது F = 1 ஆனாலும் ஒளிகாலும் இருவாயி எரிவது கண்ணுக்கே தெரியவில்லை; 100 கிலோஓம் வழியாக வரும் ஓட்டம் அவ்வளவு சிறியது. கீழ்த் தடையியை இன்னும் குறைப்போமென்றால் A யும் B யும் அதிக ஓட்டம் தர வேண்டும். 1 கிலோஓமுக்கே 4.3 மில்லியம்பியர்.

கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளில் ஒருவன் ஒழுங்கை மாற்றலாம் என்றான். F = A·C + B·C. முதலில் இரண்டு அன்ட், பிறகு ஓர். அட்டவணை அதேதான். எல்லாத் தடையிகளும் 10 கிலோஓம் என்று வைத்துப் பலகையில் ஓட்டத்தைத் தொடர்ந்தோம். 001 இப்போது சுத்தமான 0. ஆனால் 1 ஆக வேண்டிய 011, 101 இரண்டும் 2.15 இல் நின்றுவிட்டன. 111 இல் இரண்டு மேல் தடையிகளும் சமாந்தரமாக உதவுவதால் 2.87. குறை தாழ்நிலையை விட்டு உயர்நிலைக்குப் போய்விட்டது.

வினாவில் படலைக் குறியீடுகள் இருந்தால் 0, 1 போதும். இருவாயிகளும் தடையிகளும் வரைந்திருந்து, ஒரு கட்டம்தான் என்றாலும் 0, 1 போதும். இரண்டு கட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று நின்றால், தடையிகளின் பெறுமானங்களைப் பார்க்காமல் F நிரலை நிரப்பக் கூடாது. பகுதி இரண்டின் 9(B) மாதிரிக் கட்டுரை வினாக்களில் பெறுமானம் கொடுப்பதற்கு ஒரு காரணம் இருக்கும்.

இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் என்ன வைக்கலாம் என்று கேட்டார்கள். திரான்சிஸ்டர். P யை அடியில் வாங்கி, சேகரிப்பானில் தன் பலத்தோடு புதிய 0 ஐயும் 1 ஐயும் தரும். ஆனால் நேர்மாறாகத் தரும், அதனால் அட்டவணையில் இன்னொரு நிரல் வேண்டும். அடுத்த சனிக்கு ஆளுக்கொரு NPN திரான்சிஸ்டரும் இரண்டு தடையிகளும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அடித் தடையிக்கு என்ன பெறுமானம் என்று அவர்களே கணித்து வர வேண்டும்.